அடுத்து யார் பேசுவது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தற்கொலைத் தடுப்பைப் பற்றி ஆராயும் மையம் ஒன்றில் 1963–64ஆம் ஆண்டில் ஹார்வி சாக்ஸ் என்ற இளம் சமூகவியலாளர் இருந்தார். மனநல அவசர சிகிச்சை மருத்துவமனைக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகள் அவருக்குக் கிடைத்தன. அந்த மருத்துவமனைக்காரர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. உதவி கேட்டு அழைப்பவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்வதில்லை. நேரடியாகக் கேட்டால் “எதற்குக் கேட்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்டுவிடுவார்கள். இன்னார் பெயர் சொல்லப்போவதில்லை என்பது உரையாடலின் எந்தக் கட்டத்தில் தெரியவரும் என்று சாக்ஸ் யோசித்தார்.

பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது ஓர் ஒழுங்கு தட்டுப்பட்டது. தொலைபேசியை எடுக்கும் ஊழியர் தன் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். அவர் பெயர் சொன்ன மாத்திரத்தில், கேட்காமலேயே அழைத்தவரும் தன் பெயரைச் சொல்லிவிடுவார். ஒருவர் முதலில் பெயரைச் சொன்னால், அடுத்தவர் பேச்சில் பெயருக்கென ஓர் இடம் தானாகவே திறந்துவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் மரியாதைக் குறைவு.

ஓர் அழைப்பில் மட்டும் கதை வேறு மாதிரி போனது. ஊழியர் பெயர் சொன்னார். அழைத்தவர் “நீங்கள் சொன்னது கேட்கவில்லை” என்றார். ஊழியர் தன் பெயரை மறுபடி சொன்னார். அழைத்தவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டார். ஊழியர் ஆமாம் என்றார். அவ்வளவுதான், பேச்சு அடுத்த விஷயத்துக்கு நகர்ந்துவிட்டது. அழைத்தவர் தன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் ‘கேட்கவில்லை’ என்ற வார்த்தை உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அந்த இடம் திரும்பத் திறக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. லைன் உண்மையிலேயே சரியில்லாமல் இருந்திருக்கலாம். எப்படியானாலும் பெயர் வரவில்லை.

உரையாடல் பகுப்பாய்வு என்ற துறை பிறந்தது இந்தக் கவனிப்பிலிருந்துதான். பேச்சில் முறை மாறுவது, பேச்சில் ஏற்படும் கோளாறைச் செப்பனிடுவது என்ற இரண்டு விஷயங்கள் அந்தத் துறையின் அடித்தளம். மேலே சொன்ன அழைப்பில் இரண்டுமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. செப்பனிடும் வேலைக்கும் ஒரு பேச்சுமுறை தேவைப்படுகிறது. அந்த முறையை வேறு எதற்கோ ஒதுக்கியிருந்தால், அது தள்ளிப்போகும் அல்லது காணாமல் போய்விடும்.

சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் பேச்சுமுறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்து யார் பேசுவது என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கும் நிகழ்ச்சிநிரல் வீட்டுப் பேச்சில் கிடையாது. பட்டிமன்றத்தில் நடுவர் இருக்கிறார், நீதிமன்றத்தில் நீதிபதி இருக்கிறார். சமையலறையில் நான்கு பேர் பேசும்போது யாரும் இல்லை. ஆனாலும் பெரும்பாலான நேரம் ஒருவர்தான் பேசுகிறார். இருவர் சேர்ந்து பேசுவது அடிக்கடி நடந்தாலும் சட்டென்று தீர்ந்துவிடுகிறது. இது எப்படி நடக்கிறது?

அவர்கள் சொன்ன விடை மிக எளிமையானது. பேசுகிறவரின் பேச்சு ‘இங்கே முடியலாம்’ என்கிற ஓர் இடத்துக்கு வந்து சேரும். அந்த இடத்தில் முதல் உரிமை, அவர் யாரைத் தேர்ந்தெடுத்தாரோ அவருக்கு. “மாமா, நீங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால், மாமாவைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லக் கூடாது, மாமா சொல்லியே ஆகவேண்டும். யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முந்திக்கொள்பவருக்கு முறை. யாரும் முந்தாவிட்டால் ஏற்கெனவே பேசியவரே தொடரலாம். தொடர்ந்தால், முடியக்கூடிய அடுத்த இடத்தில் மறுபடி இதே மூன்றும் இதே வரிசையில் வரும். எத்தனை பேர் பேசினாலும், எவ்வளவு நேரம் பேசினாலும் இந்த ஏற்பாடு போதும்.

இதில் வியப்பானது வேகம். 2009இல் பத்து மொழிகளில் நடந்த ஓர் ஆய்வில், ஆம்–இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். மொத்த சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், ஒரே ஒரு சொல்லை வாயில் கொண்டுவரவே குறைந்தது 600 மில்லிநொடி ஆகிறது. ஆக, எதிராளி பேசி முடித்த பிறகு பதிலைத் தயாரிக்க நமக்கு அவகாசமே இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கே முடிப்பார், எப்படி முடிப்பார் என்று ஊகித்து, பதிலைத் தயார்செய்து, வாயைத் திறக்கக் காத்திருக்கிறோம்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. செய்தானா செய்யவில்லையா, கேள்வியா சொல்லா, யார் செய்தது என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் கடைசி அசையில் இருக்கிறது. “நாளைக்குக் காலைல நீ கடைக்குப் போற” என்பது வரை கேட்டவருக்கு அது கேள்வியாக முடியுமா என்பது தெரியாது. அப்படியானால் ஊகிப்பது கடினமாகி, பதில் தாமதமாக வேண்டுமே? ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. ஆனால் அந்தப் பத்து மொழிகளிலேயே மிக விரைவாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில்தான். சராசரி இடைவெளி 7 மில்லிநொடி, அதாவது இடைவெளியே இல்லை என்று சொல்லலாம். மிகவும் பொறுத்துப் பதில் வந்தது டேனிஷ் மொழியில், அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. இலக்கணத்தில் விடை கடைசியில் இருந்தாலும், குரலின் ஏற்ற இறக்கம், முன்னால் நடந்த பேச்சு, ‘அப்ப’, ‘ஆனா’, ‘ஏன்’ என்று வாக்கியம் தொடங்கும் விதம் எல்லாம் முன்கூட்டியே துப்புக் கொடுத்துவிடுகின்றன.

ஒரு சின்ன உரையாடலை இனி நிதானமாகப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக நான் எழுதியது. சாக்ஸ் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். உட்கார்ந்து யோசித்து எழுதும் உரையாடலில் நமக்குத் தோன்றுவது மட்டும்தான் வரும், நடப்பது வராது என்பதால் பதிவு செய்த பேச்சை மட்டுமே ஆராய வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஆகவே கீழே உள்ளதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கான பயிற்சியாகக் கொள்ளுங்கள். எழுதும் முறை கெயில் ஜெஃபர்சன் உருவாக்கியது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் மௌனத்தின் நீளம், நொடிக் கணக்கில். சதுர அடைப்பு இருவர் குரலும் ஒன்றாக ஒலிக்கும் இடம். சொல்லின் முடிவில் சிறு கோடு இருந்தால், பாதியில் வெட்டப்பட்ட சொல் என்று பொருள்.

1 தம்பி: அக்கா, செவ்வாக்கிழமை அம்மாவ ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.
2 (0.8)
3 அக்கா: எந்த ஆஸ்பத்திரிக்கு?
4 தம்பி: கண் ஆஸ்பத்திரிக்கு. இருபத்தி- பத்தொம்பதாந் தேதி வரச் சொன்னாங்கல்ல.
5 அக்கா: ஆமா ஆமா. அப்ப நான் லீவு போட [வேண்டாம்.]
6 தம்பி: [இல்லக்கா-] இல்லக்கா, நான் கொண்டுபோய் விடுறதத்தான் சொன்னேன். மத்தியானம் கூட்டிட்டு வர நீதான் வரணும்.
7 (1.0)
8 அக்கா: மத்தியானமா?
9 தம்பி: ரெண்டு மணிக்கு மேல வந்தாப் போதும். இல்லன்னா மாமாவ வரச் சொல்லட்டா?
10 அக்கா: இல்ல இல்ல, நான் வர்றேன்.

முதல் வரியில் தம்பி ‘அக்கா’ என்று அழைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டான். முறை அக்காவுடையது. ஆகவே இரண்டாம் வரியில் உள்ள 0.8 நொடி மௌனமும் அக்காவுடையதுதான். இந்தத் துறையில் இது முக்கியமான கருத்து. மௌனம் பொதுச்சொத்து போலத் தோன்றினாலும், யாருடைய முறையில் அது விழுகிறதோ அவர் கணக்கில்தான் சேர்கிறது.

அக்கா ஏன் உடனே கேட்கவில்லை? எந்த ஆஸ்பத்திரி என்பது தெரியவில்லை என்றால் 0.2 நொடியில் கேட்டிருக்கலாமே? ஆங்கில உரையாடல்களை அளந்து பார்த்ததில், ‘என்ன?’, ‘யாரு?’ என்று எதிராளியின் பேச்சைச் செப்பனிடக் கேட்கும் கேள்விகள் மற்றப் பதில்களைவிடத் தாமதமாக வருகின்றன. 0.7 நொடிக்குப் பக்கத்தில் அவை குவிந்து கிடக்கின்றன. இதற்கு 1977இல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரை ஒரு காரணம் சொல்கிறது. யார் பேச்சில் கோளாறோ, அவரே அதைச் சரிசெய்துகொள்ளும்படி உரையாடல் அமைந்திருக்கிறது. முதல் வாய்ப்பு, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே. இரண்டாவது, பேசி முடித்த இடத்தில். மூன்றாவது வாய்ப்புதான் எதிராளிக்கு, அதுவும் ‘சரிசெய்’ என்று சுட்டிக்காட்டுவதற்கு. அக்கா காத்திருந்த அந்த 0.8 நொடி, தம்பிக்குக் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு. அந்த நேரத்தில் அவன் ‘கண் ஆஸ்பத்திரிக்கு’ என்று தானே சேர்த்திருந்தால், அவள் கேள்வியே கேட்டிருக்க வேண்டாம். தானாகவே புரிந்துவிடுமா என்று அவளும் அந்த நேரத்தில் முயன்றிருக்கலாம்.

இந்தக் கட்டுரை வெளியானபோது சாக்ஸ் உயிரோடு இல்லை. 1975 நவம்பரில் கார் விபத்தில் இறந்துவிட்டார். 1964 முதல் 1972 வரை அவர் நடத்திய வகுப்புகளை ஜெஃபர்சன் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, 1992இல் அவை இரண்டு பாகங்களாக வெளிவந்தன. கைக்கு அகப்பட்ட சிறு துண்டுப் பேச்சிலிருந்து அவர் எவ்வளவு வெளியே எடுத்தார் என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது தெரிகிறது.

மூன்றாம் வரியில் அக்கா கேட்டதைக் கவனியுங்கள். அவள் ‘என்ன?’ என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் எங்கே கோளாறு என்று தம்பிக்குத் தெரியாது. முழு வாக்கியத்தையும் அவன் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். “கண் ஆஸ்பத்திரிக்கா?” என்றும் கேட்டிருக்கலாம். அப்போது அவளே விடையை முன்வைத்துவிடுகிறாள், அவன் ‘ம்’ என்றால் போதும். “எந்த ஆஸ்பத்திரிக்கு?” என்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நீ சொன்னது கேட்டது, ஆஸ்பத்திரி என்ற வரையில் புரிந்தது, எது என்பது மட்டும் தெரிய வேண்டும் என்று சொல்கிறது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 12 மொழிகளில் 2015இல் செய்த ஒப்பீட்டில், எல்லா மொழிகளிலும் இதே மூன்று வகைகள்தான் கிடைத்தன. மக்கள் முடிந்தவரை குறிப்பான வகையையே தேர்ந்தெடுக்கிறார்கள். தன்னால் எவ்வளவு சுமக்க முடியுமோ அவ்வளவையும் சுமந்துகொண்டு, மிச்சத்தை மட்டும் எதிராளியிடம் தருகிறார்கள். சைகை மொழியும் அந்தப் பன்னிரண்டில் இருந்தது. சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிச் செப்பனிடக் கேட்கிறோம் என்பதும் அதில் தெரிந்தது. நன்றாகப் புரிந்துகொண்டு பேசுவதாக நாம் நினைக்கும் உரையாடலிலும் இதுதான் கணக்கு.

நான்காம் வரியில் தம்பி ‘இருபத்தி-’ என்று தொடங்கி, சொல்லைப் பாதியில் வெட்டி, ‘பத்தொம்பதாந் தேதி’ என்கிறான். பாதிச் சொல்லில் வெட்டுவது தடுமாற்றம் போலத் தெரிந்தாலும் அதற்கு ஒரு பயன் உண்டு. அடுத்து வருவது தொடர்ச்சி இல்லை, மாற்று என்று கேட்பவருக்கு அது முன்னறிவிப்புக் கொடுக்கிறது. அக்காவுக்குச் சரியான தேதி தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். ‘இருபத்தி’ என்று கேட்டதும் அவள் குறுக்கிடவில்லை. சரிசெய்யும் முதல் வாய்ப்பு அவனுடையது.

இனி ஐந்தாம் வரி, இந்த உரையாடலின் மையம். “ஆமா ஆமா” என்பதோடு செப்பனிடும் வேலை முடிந்து, பேச்சு பழைய பாதைக்குத் திரும்பிவிட்டது. பிறகு அவள் சொல்கிறாள்: “அப்ப நான் லீவு போட வேண்டாம்.” இதைக் கேட்கும் வரை தம்பிக்கு ஒன்று தெரியாது. ‘கூட்டிட்டுப் போறேன்’ என்றபோது அவன் மனதில் இருந்தது, காலையில் கொண்டுபோய் விடுவது. அவள் எடுத்துக்கொண்டதோ, நாள் முழுதும் கூட இருந்து அம்மாவைத் திரும்பக் கூட்டிவருவது. முதல் வரியிலேயே பிறந்த கோளாறு, நான்கு வரி கழித்து அவள் பேச்சில்தான் வெளியே தெரிகிறது. உரையாடல் பகுப்பாய்வாளர்கள் மனதுக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு அவர்களுக்கு அடுத்தவரின் அடுத்த பேச்சுதான் சான்று. பேசுகிற இருவருக்கும் அதே சான்றுதான் இருக்கிறது என்பதால், ஆய்வாளரும் அவர்கள் நிற்கும் இடத்திலேயே நிற்கிறார்.

தம்பி ‘வேண்டாம்’ என்ற சொல் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. பார்ப்பதற்கு இது குறுக்கிடுவது போல இருக்கும். ஆனால் ‘அப்ப நான் லீவு போட’ என்பது வரை வந்த பிறகு என்ன வரப்போகிறது என்பது தெளிவு. முடிவு தெரிந்த இடத்தில் ஒருவர் நுழைவது முரட்டுத்தனம் ஆகாது, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையே காட்டுகிறது. இன்னொன்றும் பாருங்கள். அவன் ‘இல்லக்கா’ என்பதை இரண்டு முறை சொல்கிறான். முதல் முறை அக்காவின் குரலோடு மோதியது, அவள் காதில் விழுந்திருக்காது. அவள் குரல் ஓய்ந்த அந்தக் கணத்தில் அதே சொல்லை முதலிலிருந்து சொல்கிறான். இப்படி மோதிய தொடக்கத்தை, மோதல் நின்ற இடத்தில் மறுபடி தொடங்குவதை ஷெக்லாஃப் பல பதிவுகளில் காட்டியிருக்கிறார். நம் வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பதிவு செய்து மெதுவாக ஓட்டினால், மோதல்கள் ஓரிரு அசைகளில் தீர்வதையும், யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பதையும் பார்க்க முடியும். நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுவதும் உண்டு. வெளியே நிற்பவருக்கு இரைச்சலாகத் தெரிவது, உள்ளே தனித்தனியாக முறைவைத்து நடக்கும் இரண்டு உரையாடல்களாக இருக்கலாம்.

ஆறாம் வரியில் தம்பி செய்வது, தான் சொன்னதை எதிராளி தவறாகப் புரிந்துகொண்டதைப் பார்த்துத் திருத்துவது. ‘இல்ல, நான் சொன்னது அது இல்ல, இது’ என்ற வடிவம் இதற்கு வழக்கமானது. இவனும் தொடங்கவில்லை என்றால் இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. அவன் அடுத்துச் சொல்வதைக் கேட்டு அக்காவே, “ஓ, நீ கொண்டுபோய் விடுறத மட்டுந்தான் சொன்னியா?” என்று விழித்துக்கொள்ளலாம். அதோடு சரி. ஷெக்லாஃப் 1992இல் காட்டியபடி, அதைத் தாண்டிப் போன தவறான புரிதலைப் பிடிக்க உரையாடலின் அமைப்பில் வேறு இடமில்லை.

ஐந்தாம் வரியில் அக்கா வெறும் ‘சரி’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘சரி’ எதையும் வெளிக்காட்டுவதில்லை. தம்பி ஒன்று நினைக்க, அக்கா ஒன்று நினைக்க, இருவரும் நிம்மதியாகப் போனை வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக்கொண்டிருப்பார். யாராவது கோபத்தோடு “நீதானே சொன்னே” என்பார்கள், இன்னொருவர் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்பார், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். ஒருவர் சொன்னதிலிருந்து ஒரு விளைவை எடுத்துச் சொல்கிற பதில்தான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். டாக்டரிடமோ வக்கீலிடமோ பேசும்போது இது கவனிக்க வேண்டியது. ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்கு வரும் ‘புரிஞ்சுது’ எதையும் காட்டாது. “அப்ப ராத்திரி மாத்திரை வேண்டாம், காலைல மட்டும் போடணும்” என்று நோயாளி சொன்னால்தான் டாக்டருக்கு எதிரே என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது தெரியும்.

நாம் ‘ம்’ கொட்டுவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாட்டி கதை சொல்லும்போது பேரன் ‘ம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். பார்வைக்கு இது வெறும் ஒலி. ஷெக்லாஃப் 1982இல் ஆங்கிலத்தில் இதற்கு இணையான ஒலியை ஆராய்ந்து சொன்னது மிகக் கூர்மையானது. கதை சொல்பவர் ஒரு முடியக்கூடிய இடத்துக்கு வந்ததும், கேட்பவருக்கு முறை வருகிறது. அந்த முறையில் அவர் ‘யாரு?’, ‘என்னது?’ என்று செப்பனிடக் கேட்டிருக்கலாம். கேட்காமல் ‘ம்’ மட்டும் சொல்லும்போது, எனக்கு எங்கும் இடறவில்லை, மேலே போகலாம் என்று விட்டுக்கொடுக்கிறார். அதனால்தான் தவறான இடத்தில் விழும் ‘ம்’ சொல்பவரைச் சந்தேகப்பட வைக்கிறது. “கேக்குறியா?” என்று அவர் கதையை நிறுத்துவது அந்த நேரத்தில்தான்.

ஏழாம் வரிக்குத் திரும்புவோம். இந்த முறை மௌனம் முழுதாக ஒரு நொடி. ஜெஃபர்சன் ஆங்கில உரையாடல்களில் பார்த்தது, ஒரு நொடிக்குப் பக்கத்தில் மௌனம் வந்தால் யாராவது அதைக் கலைக்க முயல்கிறார்கள் என்பது. அதற்குப் பிறகு அக்கா கேட்பது “மத்தியானமா?” என்பது. வடிவத்தைப் பார்த்தால் இதுவும் செப்பனிடும் கேள்விதான், காதில் விழுந்தது சரியா என்று கேட்கும் கேள்வி. ஆனால் தம்பி என்ன செய்கிறான்? ‘ஆமா, மத்தியானம்’ என்று சொல்லவில்லை. “ரெண்டு மணிக்கு மேல வந்தாப் போதும்” என்று நேரத்தைத் தளர்த்துகிறான், பிறகு மாமாவை அனுப்பவா என்று மாற்று வழியும் வைக்கிறான். அக்கா மறுக்கவே இல்லை. மறுப்பு வரப்போகிறது என்பதை மௌனமும் கேள்வியும் சேர்ந்து அவனுக்குச் சொல்லிவிட்டன. அவன் அதை வருவதற்கு முன்பே தடுத்துவிட்டான். மறுப்பு பெரும்பாலும் தாமதமாக, சுற்றி வளைத்து வருகிறது, ஒப்புதல் விரைவாக வருகிறது. பத்தாம் வரியைப் பாருங்கள், ஒரு நொடியும் ஆகவில்லை. அந்த முதல் அழைப்பில் ‘கேட்கவில்லை’ என்ற சொல் பெயர் வராமல் தடுத்தது. இங்கே அதே வகைக் கேள்வி மறுப்பு வராமல் தடுக்கிறது. எந்தக் கேள்வி உண்மையில் காதுக் கோளாறு, எது தயக்கம் என்று பிரித்தறிவதற்குக் கேள்வியின் வடிவம் மட்டும் போதாது. முன்னால் இருக்கும் மௌனத்தையும் அடுத்தவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நுட்பமாக மௌனத்தை நாம் படிப்பதால்தான் வெளிநாட்டிலிருந்து வரும் வீடியோ அழைப்பில் சிக்கல் உண்டாகிறது. குரல் போய்ச் சேர ஒரு பக்கத்துக்கு 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு பாதிக்கப்படாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். 400 மில்லிநொடியைத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல. ஒரு பக்கம் 300 மில்லிநொடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். நான் கேட்டது அங்கே போக 0.3 நொடி, மகன் உடனே, 0.2 நொடியில் பதில் சொல்கிறான், அது திரும்பி வர 0.3 நொடி. எனக்குக் கேட்கும் இடைவெளி 0.8 நொடி. “பொங்கலுக்கு வர்றியா?” என்ற கேள்விக்கு 0.8 நொடி மௌனத்துக்குப் பிறகு வரும் ‘வர்றேம்மா’ எப்படி ஒலிக்கும்? ஆங்கிலம், இத்தாலி, ஜப்பானிய மொழி பேசுபவர்களிடம் நடத்திய சோதனைகளில், பதிலுக்கு முன் மௌனம் நீள நீள, பதில் சொல்பவருக்கு விருப்பம் குறைவு என்று கேட்டவர்கள் எடைபோட்டார்கள். சொன்ன பதில் மாறவில்லை, இடைவெளி மட்டும் மாறியது. 2014இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், இணைப்பில் உள்ள தாமதத்தை மக்கள் எதிராளியின் குணத்தின் மேல் ஏற்றுவது தெரிந்தது. கவனம் இல்லாதவர், ஈடுபாடு இல்லாதவர் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தத் தாமதத்தால் மோதல்களும் பெருகுகின்றன. எனக்குக் காலியாகத் தெரியும் இடத்தில் நான் மறுபடி பேசத் தொடங்குவேன், அந்நேரம் அவன் பதில் ஏற்கெனவே கிளம்பி வந்துகொண்டிருக்கும்.

நீங்களே பார்க்க விரும்பினால், வீட்டில் உள்ள எல்லோரிடமும் சம்மதம் கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துப் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். அதில் முப்பது நொடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் சொன்னபடியே எழுதுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவம் தெரியும், மௌனங்களை அளந்து அடைப்புக்குறிக்குள் போடலாம். மோதும் இடங்களில் சதுர அடைப்பு. பிறகு ஒரு ‘என்ன?’வைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் எவ்வளவு மௌனம், பின்னால் என்ன பதில் என்று பாருங்கள். அந்தப் பதில் முதலில் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறதா, வேறு சொல்லில் விளக்குகிறதா, இல்லை விட்டுக்கொடுத்துப் பின்வாங்குகிறதா? முப்பது நொடியை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதைச் செய்ய நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2009இல் அளந்த பத்து மொழிகளில் தமிழ் இல்லை. 2015இல் ஒப்பிட்ட பன்னிரண்டிலும் இல்லை. இரண்டிலும் பங்குகொண்ட ஸ்டீபன் லெவின்சன், 1970களில் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்தவர். பெனலபி பிரவுனோடு சேர்ந்து அவர் எழுதிய, மரியாதைப் பேச்சைப் பற்றிய பிரபலமான நூலில் தமிழ்ப் பேச்சுதான் முக்கியமான ஆதாரங்களுள் ஒன்று. மரியாதை என்பது தமிழில் இவ்வளவு நுணுக்கமாக வேலைசெய்யும்போது, செப்பனிடும் முறை அதற்கு ஏற்ப வளைகிறதா என்று அறிய வேண்டும். மாமனார் பத்தொன்பதாம் தேதிக்குப் பதில் இருபதாம் தேதி என்று சொல்லிவிட்டால், மருமகள் அவரே திருத்திக்கொள்ள எவ்வளவு நேரம் காத்திருப்பாள்? காத்திருந்தும் அவர் திருத்தாவிட்டால், “எந்தத் தேதி மாமா?” என்று கேட்பாளா, “இருபதா மாமா?” என்று கேட்பாளா, கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு கணவனிடம் தனியே சொல்வாளா? இதே தவறை அவள் தம்பி சொல்லியிருந்தால் என்ன செய்வாள்? இவை யோசித்துச் சொல்லக்கூடியவை அல்ல. யாராவது பதிவு செய்து, மௌனங்களை அளந்து, வரி வரியாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.